மூச்சுத்திணறலும் கையடக்க ஸ்கேனும்: சிறுநகர மருத்துவர் எதை நம்பலாம், எங்கே நிறுத்த வேண்டும்

மருத்துவர் தம் மேஜையிலேயே ஒரு சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துக்கொண்டு, நோயாளியைப் படுக்கவைத்து அவரே மார்பிலும் காலிலும் வைத்துப் பார்க்கும் முறை இன்று பரவிவருகிறது. இதைப் படுக்கையோர ஸ்கேன் என்கிறார்கள். ஸ்கேன் சென்டரில் எடுக்கும் ஸ்கேனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு, பொது மருத்துவர் சொல்லும் முடிவை எந்த அளவு நம்பலாம் என்ற குழப்பம் நோயாளிகளிடம் இருக்கிறது. மருத்துவர்களில் ஒரு சாரார் இதை ஸ்டெதஸ்கோப்பின் இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் இது ரேடியாலஜி நிபுணரின் வேலை, மற்றவர்கள் தொடக் கூடாது என்கிறார்கள். கருவியிடம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இதில் விடை சொல்ல முடியும். மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

## இரண்டு விதமான ஸ்கேன்

ஸ்கேன் சென்டரில் 'வயிறு முழுவதும் ஸ்கேன்' எடுக்கும்போது நிபுணர் கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து, இயல்பா இல்லையா என்று அறிக்கை எழுதுகிறார். அங்கே கேள்வி திறந்த கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது?

படுக்கையோர ஸ்கேனில் மருத்துவர் நோயாளியிடம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, ஒரு சந்தேகத்துக்கு வந்த பிறகே கருவியை எடுக்கிறார். 'இந்த இடத்தில் நீர் இருக்கிறதா?', 'இந்த நாளம் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறதா?' என ஆம், இல்லை என்று விடை வரக்கூடிய கேள்விகளையே கேட்கிறார். இந்தக் கட்டுப்பாட்டை விட்டு 'சும்மா ஒரு பார்வை பார்த்துவிடலாம்' என்று இறங்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

எந்தக் கேள்வி எளிது, எது கடினம் என்பதை ஒலியின் இயல்பு தீர்மானிக்கிறது. மருத்துவ ஸ்கேனில் பயன்படுவது சுமார் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, காதுக்குக் கேட்காத ஒலி. அது நீரின் வழியே தடையின்றிப் போகும். அதனால் நீர் திரையில் கறுப்பாகத் தெரியும். எலும்பில் பட்டால் பெரும்பகுதி திரும்பியோ உறிஞ்சப்பட்டோ தடைபட்டுவிடும். எலும்புக்குப் பின்னால் நிழல் விழும். காற்றில் பட்டால் ஏறத்தாழ முழுவதுமே திரும்பிவிடும். ஆகவே நீரைத் தேடும் கேள்விகள் எளியவை. குடல் காற்றுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடுவது கடினம். மிகவும் பருத்த உடலில் ஒலி ஆழம் போவதற்குள் வலுவிழந்துவிடுவதால் அங்கே எல்லாக் கேள்வியும் கடினம்.

## காற்று நிறைந்த நுரையீரலில் என்ன தெரியும்?

காற்று ஒலியைத் திருப்பிவிடும் என்றால் நுரையீரலை ஸ்கேன் செய்வதில் என்ன பயன் என்று தோன்றும். நெடுங்காலம் மருத்துவ உலகமும் அப்படித்தான் கருதியது. பிரான்சின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிச்டென்ஸ்டைன் போன்றோர், நுரையீரலின் உருவம் தெரியாவிட்டாலும் அதன் மேற்பரப்பிலிருந்து எழும் போலிக் கோடுகள் நோய்க்கு நோய் மாறுகின்றன என்று காட்டினார்கள். மூச்சுத்திணறலுக்கான அவருடைய வழிமுறை 2008இல் வெளியானது.

அடிப்படை இதுதான். கருவியில் உடல்மீது வைக்கும் பகுதிக்குப் புரோப் என்று பெயர். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை வைத்தால், அவற்றின் நிழல்களுக்கு இடையே ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அது நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு. மூச்சுவிடும்போது அந்தக் கோடு இப்படியும் அப்படியும் வழுக்கி நகரும். அதற்குக் கீழே பார்க்க வேண்டியவை மூன்று:

1. ஏ-கோடுகள். சவ்வுக்குக் கீழே சம இடைவெளியில் வரும் கிடைக்கோடுகள். ஒலி சவ்வுக்கும் புரோபுக்கும் இடையே திரும்பத் திரும்ப எதிரொலிப்பதால் வருபவை. சவ்வின் வழுக்கலோடு இவை தெரிந்தால் அந்த இடத்தில் நுரையீரல் காற்றோடு, உலர்வாக இருக்கிறது என்று பொருள்.

2. பி-கோடுகள். சவ்விலிருந்து புறப்பட்டு, இருட்டில் அடித்த டார்ச் ஒளி போல, மங்காமல் திரையின் அடிவரை பாயும் செங்குத்துக் கோடுகள். மூச்சோடு சேர்ந்து அசையும். வழியிலுள்ள ஏ-கோடுகளை அழித்துவிடும். நுரையீரல் திசுக்களில் நீர் ஊறும்போதோ, திசு தடிக்கும்போதோ இவை வருகின்றன. ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால்தான் கணக்கில் சேரும்.

3. கறுப்புப் பகுதி. நுரையீரலுக்கு வெளியே, சவ்வுகளுக்கு இடையே தேங்கிய நீர். உதரவிதானத்துக்கு மேலே கறுப்புப் பிறை போலத் தெரியும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நுரையீரலுக்குள் ஊறிய நீரை ஊசி போட்டு எடுக்க முடியாது. மருந்து கொடுத்துச் சிறுநீராக வெளியேற்ற வேண்டும். வெளியே தேங்கிய நீரைத் தேவைப்பட்டால் ஊசியால் எடுக்கலாம். அது காசநோயால் வந்ததா, புற்றுநோயால் வந்ததா, இதயம் தளர்ந்ததால் வந்ததா என்பதை ஸ்கேன் சொல்லாது. எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் நீர் இருக்கிறதா, ஊசியை எங்கே இறக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஸ்கேன் நன்றாகவே பதில் தரும். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிய ஏறக்குறைய 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டும்; ஸ்கேனில் அதைவிடக் குறைந்த அளவும் தெரியும்.

## ஒரு நோயாளி: வீசிங்கா, இதயமா?

62 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் பீடி குடித்தவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் மூச்சு வாங்கியபடி வருகிறார். ஆக்சிஜன் அளவு 88 சதவீதம், நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 190/110. ஸ்டெதஸ்கோப்பில் இரு பக்கமும் விசில் சத்தம் கேட்கிறது. பெரிய மருத்துவமனை 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

இங்கே இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. பீடியால் வந்த நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பிலும் விசில் சத்தம் வரும். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் ஊறும்போதும் வரும். முதலாவதற்கு நெபுலைசரும் ஸ்டீராய்டும் தேவை. இரண்டாவதற்கு நீர் பிரிக்கும் ஊசியும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் நைட்ரேட்டும் தேவை. மாற்றிக் கொடுத்தால் வெறும் காலதாமதத்தோடு போவதில்லை: இதயம் தளர்ந்தவருக்கு நெபுலைசர் மருந்து துடிப்பை இன்னும் ஏற்றும், ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

ஆக்சிஜன் கொடுத்து, ஈசிஜி எடுத்த பிறகு மருத்துவர் புரோபைக் கையில் எடுக்கிறார். நோயாளி உட்கார்ந்தபடியே இருக்கிறார். மூச்சு வாங்குபவரை ஸ்கேனுக்காக மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. வயிற்று ஸ்கேனுக்குப் பயன்படும் வளைந்த புரோபே போதும். ஒரு பக்கத்துக்கு நான்கு இடங்கள், மார்பின் முன்புறம் மேலும் கீழும், பக்கவாட்டில் மேலும் கீழும், ஆக மொத்தம் எட்டு இடங்கள். ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

அவர் காண்பது: முன்புறம் இரு பக்கமும், மேல் பகுதியிலும்கூட, ஒவ்வொரு இடைவெளியிலும் நான்கைந்து பி-கோடுகள். சவ்வு மெல்லியதாக, வழுவழுப்பாக, நன்றாக நகர்கிறது. இரு பக்க அடிப்பகுதியிலும் சிறிதளவு நீர். வலப்பக்கம் சற்றுக் கூடுதல். இதயத்தில் புரோபை வைத்தால் சுவர்கள் சோம்பலாகச் சுருங்குகின்றன. இதயத்தைச் சுற்றி நீர் இல்லை.

எட்டு இடங்களில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டில் பி-கோடுகள் நிறைந்திருந்தால்தான் நுரையீரல் பரவலாக நனைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இவருக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. உயர்ந்த ரத்த அழுத்தம், படுக்க முடியாத மூச்சிரைப்பு, தளர்ந்த இதயம் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. மருத்துவர் நாக்குக்கு அடியில் நைட்ரேட்டும் நரம்பு வழியே நீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைடு 40 மில்லிகிராமும் கொடுத்து, ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்.

எதை அவர் சொல்லவில்லை என்பதும் முக்கியம். இதயம் ஏன் தளர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. மாரடைப்பா, வால்வுக் கோளாறா, பழைய பாதிப்பா என்பதற்கு முழுமையான எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். 'சுருங்குதல் ஏறத்தாழ இயல்பு' அல்லது 'நன்றாகக் குறைந்திருக்கிறது' என்பதற்கு மேல் பொது மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. வால்வு பற்றி வாயே திறக்கக் கூடாது.

## எண்கள் சொல்வது

இதயத் தளர்ச்சியால் நுரையீரலில் நீர் ஊறியதைக் கண்டுபிடிப்பதில் ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஸ்கேன் சுமார் 88 சதவீதம் பேரையும் எக்ஸ்ரே சுமார் 73 சதவீதம் பேரையும் கண்டுபிடித்தன. நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சரியாகச் சொல்வதில் இரண்டும் சுமார் 90 சதவீதம். இந்த எண்களை மருத்துவமனை வாசலில் வைத்துப் பார்ப்போம்.

மேலே சொன்னவரைப் போன்ற, பாதிக்குப் பாதி சந்தேகமுள்ள 100 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். 50 பேருக்கு இதயத் தளர்ச்சி. ஸ்கேன் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும். 6 பேரை விட்டுவிடும். மற்ற 50 பேரில் 5 பேருக்குத் தவறாக 'ஆம்' என்று சொல்லும். 'ஆம்' என்று வந்த 49 பேரில் 44 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். இதை நம்பி மருந்து தொடங்கலாம்.

இப்போது சளியும் இருமலும் காய்ச்சலுமாக வரும் இளவயதினர் 100 பேர். இவர்களில் 10 பேருக்குத்தான் இதயத் தளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் இன்னும் குறைவாகவே இருக்கும். ஸ்கேன் அவர்களில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 90 பேரில் 9 பேருக்கு 'ஆம்' என்று தவறாகச் சொல்லும். 18 'ஆம்'களில் பாதி பொய். அதே கருவி, அதே கை. வந்தவர்கள் மாறியதும் விடையின் மதிப்பு இறங்கிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் வழக்கமாக மார்பு ஸ்கேன் செய்யும் பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இந்த எண்கள் பயிற்சி பெற்றவர்கள் செய்த ஸ்கேன்களிலிருந்து வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. புதிதாகத் தொடங்கியவரிடம் இதே துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது.

## பி-கோடு ஏமாற்றும் இடங்கள்

பி-கோடு என்பது இதயத் தளர்ச்சியின் முத்திரை அல்ல. நுரையீரல் ஈரமாகவோ தடித்தோ இருக்கிறது என்பது மட்டுமே அதன் செய்தி.

பழைய காசநோய்த் தழும்பு உள்ளவருக்கு, பெரும்பாலும் மேல்பகுதியில், ஒரு பக்கத்தில் மட்டும் பி-கோடுகள் குவிந்திருக்கும். அங்கே சவ்வு கரடுமுரடாக இருக்கும். நிமோனியாவில் ஓரிடத்தில் நெருக்கமாக இருந்து பக்கத்திலேயே ஏ-கோடுகள் இயல்பாக இருக்கும். சவ்வு ஆங்காங்கே உடைந்து, அதற்குக் கீழே கறுப்புத் திட்டுகள் தெரியும். கோவிட் நுரையீரலில் இதே தோற்றம் இரு பக்கமும் திட்டுத்திட்டாக வந்தது. நுரையீரல் இறுகும் நாள்பட்ட நோய்களில் இரு பக்கமும் கோடுகள் வரும். ஆனால் மூச்சிரைப்பு மாதக்கணக்காக இருக்கும், சவ்வு சீராக இருக்காது. ஆகவே கோடுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் சவ்வின் தோற்றத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய சவ்வும் இரு பக்கச் சமச்சீரும் சேர்ந்தால்தான் இதயத்தை நோக்கிப் போகலாம். அப்போதும் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தவறியவருக்கும் இதே படம்தான் வரும். அதைப் பிரிப்பது விசாரணைதான், ஸ்கேன் அல்ல.

கருவியிலும் ஒரு பொறி உண்டு. புதிய கருவிகள் படத்தை அழகாக்குவதற்காகப் போலிக் கோடுகளைத் தாமாகவே மழுங்கடித்துவிடுகின்றன. நுரையீரலில் நமக்குத் தேவையே அந்தப் போலிக் கோடுகள்தான். நுரையீரலுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாமல் வயிற்று அமைப்பிலேயே பார்த்தால் பி-கோடுகள் குறைவாகத் தெரியலாம். எதிர்த்திசைப் பிழையும் உண்டு: திரையின் பாதியிலேயே மங்கிப்போகும் குட்டைக் கோடுகளைப் பி-கோடுகள் என்று எண்ணிவிடுவது. புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு இது. முதியவர்களின் நுரையீரல் அடிப்பகுதியில் ஓரிரு பி-கோடுகள் நோயின்றியும் இருக்கும்.

## நுரையீரல் உலர்வு, ஆனாலும் மூச்சுத்திணறல்

எட்டு இடங்களிலும் ஏ-கோடுகள்தான் என்றால் இதயத் தளர்ச்சிக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆஸ்துமாவும் நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பும் முன்னுக்கு வருகின்றன. அவற்றோடு, நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பும் இதே படத்தைத்தான் காட்டும். காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து மேலே போய் அடைப்பது அது, உயிருக்கு ஆபத்தானது. இடுப்பு எலும்பு முறிந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தவர் திடீரென மூச்சு வாங்கினால், மார்புக்கு அடுத்து புரோப் போக வேண்டிய இடம் கால்.

நல்ல சிரையை மேலிருந்து அழுத்தினால் அதன் சுவர்கள் முழுவதுமாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே கட்டி இருந்தால் ஒட்டாது. செய்முறை:

1. நோயாளியின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காலைச் சிறிது வெளிப்புறம் திருப்பி, முழங்காலை மடக்க வேண்டும். அப்போதுதான் சிரைகளில் ரத்தம் நிறைந்து அவை கண்ணுக்குப் படும்.
2. நேர்க்கோட்டுப் புரோபைத் தொடை இடுக்கில் குறுக்காக வைத்து, தமனியையும் பக்கத்துச் சிரையையும் அடையாளம் காண வேண்டும்.
3. தமனி இலேசாக உருமாறும் அளவுக்கு அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்திலும் சிரை முழுதாக ஒட்டவில்லை என்றால் கட்டி இருக்கிறது. பாதி ஒட்டினாலும் அது 'ஒட்டவில்லை' என்ற கணக்கே.
4. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு முறை அழுத்தியபடி சில சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். பிறகு முழங்காலுக்குப் பின்குழியில் இதையே செய்ய வேண்டும்.

கட்டி தெரிந்துவிட்டால் விடை வலுவானது. தெரியவில்லை என்றால் அவ்வளவு வலு இல்லை; இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் நடுத்தொடையில் உள்ள கட்டியும் கெண்டைக்கால் கட்டியும் தப்பிவிடும். சந்தேகம் நீடித்தால் அன்றே ரத்தம் உறைந்ததற்கான தடயத்தைத் தேடும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அல்லது ரத்த ஓட்டத்தையும் காட்டும் முழுக்கால் டாப்ளர் ஸ்கேன், இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் மறு ஸ்கேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டி முழுவதுமே காலைவிட்டுப் போய் நுரையீரலில் அடைத்திருக்கலாம் என்பதால், கால் தெளிவாக இருப்பது நுரையீரல் அடைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. மூச்சுத்திணறலுக்குக் காரணம் அதுதான் என்று சந்தேகப்பட்டால் மறு ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் சிடி ஸ்கேன் உள்ள இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

பொய்யான 'ஆம்' தருபவையும் உண்டு. தொடை இடுக்கில் வீங்கிய நெறிக்கட்டி, குறுக்கே பார்க்கும்போது ஒட்டாத சிரை போலவே வட்டமாகத் தெரியும். புரோபை நெடுக்காகத் திருப்பினால் நெறிக்கட்டி முடிந்துவிடும், சிரை நீண்டு செல்லும். முழங்காலுக்குப் பின்னால் வரும் நீர்க்கட்டியையும் இப்படித்தான் பிரித்தறிய வேண்டும்.

## கேட்கக் கூடாத கேள்விகள்

வயிற்றுவலிக்காரரைப் பார்க்கும்போது 'குடல்வால் வீங்கியிருக்கிறதா?' என்று பொது மருத்துவர் இந்தக் கருவியிடம் கேட்கக் கூடாது. குடல்வால் தெரியாமல் போவதற்குக் குடல் காற்றே போதும். தெரியாததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் அது வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும். 'கல்லீரலில் கட்டி உண்டா?' என்பதும் அதே வகை. அதே வயிற்றில் சிறுநீர்ப்பை நிரம்பித் தேங்கியிருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, விபத்தில் அடிபட்டவருக்கு உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று கேட்கலாம். மூன்றும் நீரைத் தேடும் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்ற விடையை அப்படியே ஏற்கக் கூடாது. கண்ணில் படும் அளவுக்கு ரத்தம் சேர நேரமாகும். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பயிற்சி தேவை. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டுதல், ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் 25 முதல் 50 ஸ்கேன்கள் செய்து, அவற்றை அனுபவசாலி ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்கிறது. நுரையீரலில் 50 முடித்தவர் காலுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

## இந்தியாவில் உள்ள வேலி

வேறு பல நாடுகளில் மருத்துவர் இதைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். இந்தியாவில் அப்படி முடியாது. காரணம், கருவில் பாலினம் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம். கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய எந்தக் கருவியும் அதன் வரம்புக்குள் வருகிறது. 'நான் நுரையீரல் மட்டும்தான் பார்க்கிறேன்' என்பதால் விலக்குக் கிடைக்காது.

நடைமுறையில் இதன் பொருள்: மருத்துவமனை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவில்லாதவருக்குக் கருவியை விற்பதே குற்றம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவர் ஸ்கேன் செய்ய, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆறு மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் அதற்கான படிவத்தை நிரப்பி இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அந்தப் படிவத்தில் உள்ள குறைபாட்டையே சட்டமீறலாகக் கருத இடமுண்டு. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை உறுதிசெய்தது.

பெண் கருக்களைக் காக்க வந்த சட்டம் தேவையானதுதான். ஆனால் வயிற்றுக்குள் போகாத, சில சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே பார்க்கும் நேர்க்கோட்டுப் புரோபுக்கும் அதே நடைமுறைதான் என்பது, காலில் ரத்தக்கட்டி தேட நினைக்கும் சிறுநகர மருத்துவரைக் கருவி வாங்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுகிறது. 2012இல் வந்த திருத்தத்தின்படி, கையடக்கக் கருவியைப் பதிவு செய்த இடத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வாகனத்திலும் மட்டுமே பயன்படுத்தலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டுக்கு மருத்துவர் ஈசிஜி கருவியை எடுத்துச் செல்லலாம். இதை எடுத்துச் செல்ல முடியாது.